முகம் மட்டும் தெரிந்தவர்கள்

என்மேல் உயிரை வைத்திருக்கிறவர்களில் ஒருவருக்கும் எனக்குத் தெரியாதது எதுவும் தெரியாது. நான் கேட்டதைத்தான் அவர்களும் கேட்டிருக்கிறார்கள். நான் பயப்படுவதற்குத்தான் அவர்களும் பயப்படுகிறார்கள். ஒரே கிணற்றில் எட்டுப் பேர் எட்டு வாளி இறைத்து, என் தண்ணீரைக் குடி, என் தண்ணீரைக் குடி என்று என்னிடம் நீட்டுகிறார்கள்.

இப்படி நினைத்ததும் சரோஜாவுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. இது நன்றி கெட்ட நினைப்பு என்று தோன்றியது. ஆனாலும் அது போகவில்லை. கொழுந்து கிள்ளும் விரல்களுக்கு அடியிலேயே கிடந்து உறுத்தியது.

பக்கத்துத் தேயிலை நிரையிலிருந்து மணியம்மா தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"உனக்கு மட்டும் சொல்றேன்டீ. இந்தத் தடவ அருவிக்கு மேல இருக்கற பாறைப் பொந்து. நாலு நாளு உள்ள கெடந்தா போதும். லோரி போனப்பறம் இறங்கி வந்துடலாம்."

காலையில் குழாயடியில் வேறொருத்தி இதையே சொன்னாள். அவளும் "உனக்கு மட்டும்" என்றுதான் சொன்னாள். நேற்று அவள் கணவன் ராமையாவிடம் ஆண்கள் பக்கத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள். மூன்று வாயிலிருந்து வந்தாலும் பொந்து ஒன்றுதான்.

முதல் பட்டியல் வந்தபோதும் இப்படித்தான் நடந்தது. சித்திரை மாதம் ஜப்பான்காரனுக்குச் சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தும் பெரட்டில் பெயர் வாசித்தார்கள். மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம், சாப்பாடும் துணியும் உண்டு என்றார்கள். யாரும் நம்பவில்லை. ஓடைக்கு அப்பால் இடிந்து கிடந்த பழைய கொழுந்துக் கொட்டகையில் ஒளிந்துகொள்ளலாம் என்று யாருக்கோ தோன்றியது. அவன் தன் உயிர்ச் சிநேகிதனுக்கு மட்டும் சொன்னான். அந்தச் சிநேகிதன் தன் மச்சானுக்கு மட்டும் சொன்னான். மனைவிகள் தத்தம் நெருங்கிய தோழிக்கு மட்டும் சொன்னார்கள். ஒவ்வொருவரும் ரகசியத்தைக் காப்பாற்றினார்கள். கடைசியில் பத்தொன்பது ஆண்கள் அந்த ஒரே கொட்டகைக்குள் தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றார்கள். கங்காணி சிங்காரம் தேடி அலையவில்லை. வாசலில் ஒரு கல்லில் உட்கார்ந்து, வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, பட்டியலைப் பிரித்துப் பெயர் கூப்பிட்டார். சரோஜாவின் அண்ணன் பழனியப்பன் ஏழாவதாக வெளியே வந்தான். மலையடிவாரத்துத் தாப்பாவுக்குப் போன லோரியோடு அவன் செய்தியும் போயிற்று. இன்றுவரை ஒரு சொல் வரவில்லை.

இரண்டாவது பட்டியல் திங்கட்கிழமை வந்தது. நாற்பது பெயர். அதில் ராமையாவின் பெயர் இருந்தது. அன்றிலிருந்து இருபத்தொரு நாளில் லோரி வரும்.

ராமையா வீட்டுக்கு வந்து அடுப்பங்கரையில் உட்கார்ந்து, மகள் ஜெயாவின் கிழிந்த சட்டையை எடுத்து, அது தன் வேலை போலத் தைக்க ஆரம்பித்தான். ஊசி பிடிக்கத் தெரியாத விரல்கள். பதினோரு வருடம் கரியில் புழங்கிக் கறுத்தவை. தேயிலைத் தொழிற்சாலையின் பெரிய எஞ்சின் கரியிலிருந்து வரும் வாயுவில்தான் ஓடியது. அதற்கு வேண்டிய கரியைச் சுட்டுக் கொடுத்தவன் அவன். வெள்ளைக்காரத் துரைமார் ஓடிப்போனதும், வந்த ஜப்பான்காரர்கள் அந்த எஞ்சினைக் கழற்றி எங்கோ கொண்டுபோய்விட்டார்கள். அப்போதிலிருந்து பாதி மலையில் கொழுந்தும் பாதி மலையில் சர்க்கரைவள்ளியும். ராமையாவின் கையில் மண்வெட்டி.

அன்று அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு அது முதலில் தோன்றியது. இந்தத் தோட்டத்தில் ராமையா கரி சுடுவான் என்பது பிறந்த குழந்தைக்கும் தெரியும். அதனாலேயே அது யாருக்கும் ஒரு செய்தி இல்லை. அது செய்தியாகிற இடம் ஒன்று எங்காவது இருக்கும். அந்த இடத்தைத் தெரிந்தவர் இந்த லயத்து வரிசை வீடுகளில் இருக்க முடியாது.

பாயில் படுத்தபடி அவள் ஆட்களை எண்ணினாள். சொந்தக்காரர்களை விட்டுவிட்டாள். தோழிகளையும் விட்டாள். தன் முகத்தைப் பார்த்தால் தலையசைப்பார்கள், ஆனால் தன் வீட்டில் என்ன குழம்பு என்று தெரியாது. அப்படிப்பட்டவர்கள் யார் யார்? எண்ண எண்ணக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. முப்பத்திரண்டு வயது. ஒரு கை விரல் தாண்டவில்லை.

தானா ராத்தாவில் இருக்கும் ராமசாமி. முன்பு தோட்டத்தில் காயத்துக்கு மருந்து கட்டிய டிரஸ்ஸர். அதே ஊரில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் சேக் தாவூதின் மனைவி ஜைனப். ஜெயா கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்தாள். பக்கத்துக் கட்டிலில் ஜைனபின் தாயார். அந்த மூன்று நாளும் ஜைனப் தன் கூஜாவிலிருந்து வெந்நீர் ஊற்றிக் கொடுத்தாள். அதன் பிறகு வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை கடைத்தெருவில் பார்த்தால், "புள்ள நல்லாருக்கா?" அவ்வளவுதான். இன்னும் இரண்டு பேர். ஒருவர் செத்துப்போயிருக்கலாம்.

"தானா ராத்தாவுக்குப் போறேன்," என்று விடிவதற்குள் மணியம்மாவிடம் சொன்னாள். "எதுக்குன்னு கேக்காத."

மணியம்மா கேட்கவில்லை. "புள்ளய என்கிட்ட வுடு. உன் நிரையையும் நானே பாத்துக்கறேன். சிங்காரம் கேட்டா வயித்தால போவுதுன்னு சொல்றேன். மோந்து பாக்கவா வரப்போறாரு?" என்றாள். போகும்போது ஒரு காகிதப் பொட்டலத்தை அவள் இடுப்பில் செருகினாள். வழியில் பிரித்தபோது அதில் அவித்த கிழங்கும் ஒரு சிட்டிகை உப்பும் இருந்தன. அந்த வருடம் உப்பு கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குத் தெரியும். நடையை நிறுத்தாமல் அழுதாள்.

இதை மணியம்மாவைத் தவிர வேறு யாரும் செய்யமாட்டார்கள். தனக்காக அடி வாங்க ஒருத்தி வேண்டுமென்றால் அவள்தான். ஆனால் போகும் வழி எது என்று அவளால் சொல்ல முடியாது. இரண்டையும் ஒருத்தியிடமே எதிர்பார்ப்பது நியாயமில்லை என்று மேட்டில் ஏறும்போது சரோஜா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

முதலில் ராமசாமியின் வீட்டுக்குப் போனாள். அவர் முகத்தைப் பார்த்ததுமே, அத்தனை நாள் அடக்கி வைத்தது எல்லாம் உடைந்துகொண்டு வந்துவிட்டது. அண்ணன் போனது, இப்போது பெயர் வந்தது, பெண்பிள்ளை ஒன்று இருப்பது. "நீங்கதான் காப்பாத்தணும் ஐயா. எனக்கு வேற யாருமில்ல," என்று காலைத் தொடக் குனிந்தாள்.

ராமசாமி இரண்டடி பின்னால் போனார். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"நான் என்னம்மா செய்ய முடியும்? நானே ஒரு மூலையில ஒடுங்கிக் கெடக்கேன். எனக்கு உன்னை... அவ்வளவா தெரியாதேம்மா."

கதவு மெதுவாகத்தான் சாத்தப்பட்டது. ஓசையே இல்லை. அது அறைந்து சாத்தியதைவிட வலித்தது.

அவள் சாலையோரக் கல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். அவரிடம் கோபப்பட முடியவில்லை. ஆறு வருடத்துக்கு முன் விரலில் கட்டுப் போட்ட மனிதர். அவர் தலையில் ஒரு குடும்பத்தின் உயிரையே தூக்கி வைத்தால் அவர் என்ன செய்வார்? மணியம்மாவிடம் கேட்க வேண்டியதை இவரிடம் கேட்டுவிட்டேன். ஒரு மண்சட்டி தாங்குகிற கையில் அம்மியைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். அவரிடம் வேறென்ன கேட்டிருக்கலாம்? அவருக்குக் கஷ்டமில்லாத ஒன்று. அவருக்குத் தெரிந்த ஒன்று. பதில் சொல்லிவிட்டு நிம்மதியாகச் சோறு தின்னக்கூடிய ஒன்று.

நான் அழக் கூடாது, என்று நினைத்துக்கொண்டாள். காப்பாற்று என்ற சொல்லே என் வாயில் வரக் கூடாது. ஒரு கேள்வி. சின்னதாக.

சேக் தாவூதின் கடையில் ஆட்கள் அதிகமில்லை. கண்ணாடிப் பெட்டியில் முன்பு கோழியும் கறியும் இருந்த தட்டுகளில் கிழங்கு வடை மட்டும் இருந்தது. ஜைனப் பின்கட்டில் விறகுப் புகைக்கு முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றாள். சரோஜா முந்தானையில் முடிந்து வைத்திருந்த கறிவேப்பிலைக் கொத்துகளை எடுத்து நீட்டினாள். கீழே தோட்டத்தில், வெயில் படும் லயத்துச் சுவரோரம் அது செழித்து வளரும். இந்தக் குளிரில் வளராது.

"அக்கா, இந்தப் பக்கம் வந்தேன். ஒங்க நெனப்பு வந்துச்சு."

ஜைனப் கறிவேப்பிலையை மூக்கில் வைத்து இழுத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"அல்லா! எத்தன மாசமாச்சு." உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள். "என்னாங்க, கருவேப்பிலை வந்துருக்கு!"

"அப்ப பிரியாணி போட்ருலாமா?" என்றார் சேக் தாவூத் கல்லாவிலிருந்து.

"அரிசி நீங்க குடுங்க, கறி நீங்க குடுங்க, நான் கருவேப்பிலை போடறேன்லா," என்றாள் ஜைனப். பிறகு சரோஜாவிடம் திரும்பினாள். "உக்காரு தங்கச்சி. புள்ள எப்படி இருக்கா? அன்னிக்கி கொதிக்கக் கொதிக்கக் கெடந்தாளே."

"ஓடி ஆடிக்கிட்டு இருக்கா அக்கா. ஒங்கம்மா?"

"மவுத்தாயிட்டாங்க. போன வருசம்."

ஜைனப் அடுப்பில் இன்னொரு விறகைத் தள்ளினாள். ஒரு குவளையில் பால் இல்லாத தேநீர் வந்தது. சர்க்கரைக்குப் பதில் கரும்புச் சாறு. சரோஜா இரண்டு வாய் குடித்தாள். குவளையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். தெரியலன்னா பரவாயில்ல. எங்க வீட்டுக்காரரு பேக்டரி எஞ்சினுக்குக் கரி சுட்டவரு. பதினோரு வருசம். எஞ்சின் போயிடுச்சு, இப்ப சும்மா மண்ணு வெட்டறாரு. இங்க நாலு பேரு வந்து போற எடம். கரி சுடத் தெரிஞ்ச ஆளு வேணும்னு யாராச்சும் பேசிக்கிட்டது ஒங்க காதுல வுழுந்துச்சா?"

ஜைனப் பயப்படவில்லை. பின்வாங்கவும் இல்லை. பயப்பட அதில் எதுவும் இல்லை. நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். யோசிப்பது அவளுக்குப் பிடித்தே இருந்தது போலிருந்தது.

"கரியா? இரு இரு. என்னாங்க! உமரு நேத்து வந்து எதையோ திட்டிக்கிட்டு இருந்தானே, அது கரியத்தான?"

"அவன் எதத்தான் திட்டல?" என்றார் சேக் தாவூத். "ஆமா. கரியத்தான். மதியம் வருவான், கேளு."

உமர் காய்கறி லோரி ஓட்டுபவன். மேலே கோலா தெர்லா பக்கத்துத் தோட்டங்களில் காய்கறி ஏற்றி, ரிங்லெட் வழியாகத் தாப்பாவுக்கு இறக்குவான். எல்லாம் பட்டாளத்துக்கு. பெட்ரோல் கிடையாது, லோரியின் பின்னால் கட்டிய இரும்பு அடுப்பில் கரியை எரித்துத்தான் ஓட்ட வேண்டும். மதியம் வந்தபோது அவன் முகமெல்லாம் கரி. உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்தான்.

"ஏத்தத்துல என் லோரி காசம் புடிச்ச கெழவன் மாதிரி இருமுது. பாதியில நின்னு போச்சு. இன்னிக்கி மட்டும் மூணு தடவ!"

ஜைனப் கண் காட்டிய பிறகுதான் சரோஜா வாயைத் திறந்தாள். "கரிய ஒடைச்சா நடுவுல பழுப்பா இருக்குதா அண்ணே?"

உமர் அவளை அப்போதுதான் பார்த்தான். "ஆமா. எப்படித் தெரியும்?"

"சரியா வேகாத கரி அது. வெள்ளப் பொகை வரும்போதே சூளையை மூடிட்டா அப்படித்தான் ஆவும். பொகை நீலமாயி, மெலிஞ்சு, கண்ணுக்குத் தெரியாம போனப்பறம்தான் ஓட்டையெல்லாம் அடைக்கணும். இல்லாட்டி உள்ள தாரு தங்கிடும். அது எஞ்சின்ல போயி ஒட்டிக்கும். எங்க வீட்டுக்காரரு சொல்வாரு."

"இத அந்தச் சீனத் தவுக்கே மொதலாளிகிட்ட சொல்லு!" உமர் மேசையைத் தட்டினான். "மேல சூளை போட்டுருக்கான், ரெண்டு ஆளு வெச்சிருக்கான், ரெண்டுக்கும் ஒரு எழவும் தெரியல. நல்ல ஆளு ஒருத்தன் கெடச்சா கூட்டிட்டு வான்னு என்னையே நச்சரிக்கறான். பட்டாளத்து வேலை, முத்திரை போட்ட சூராட் குடுப்பாங்க. அந்தக் காகிதம் இருந்தா எவனும் தொட முடியாது."

எவனும் தொட முடியாது. அந்தச் சொல் அவளுக்குள் இறங்க நேரமாயிற்று.

"செவ்வாக்கெழம கீழ போறேன். ரிங்லெட் முக்குல நிக்கச் சொல்லு ஒன் வீட்டுக்காரர. வரும்போது ஏத்திக்கிறேன். ஒரு சூளை சுட்டுக் காட்டட்டும். நல்லாருந்தா ஒனக்கு நல்லது, என் லோரிக்கும் நல்லது."

அவன் அவளுக்காக இரக்கப்படவில்லை. அவளுடைய பெயரைக்கூடக் கேட்கவில்லை. அந்த இரக்கமின்மையில் ஓர் ஆறுதல் இருந்தது. யாரும் யாருக்கும் எதையும் தியாகம் செய்யவில்லை. அவளுடைய உலகத்தில் வீணாய்க் கிடந்தது அவனுடைய உலகத்தில் இல்லாமல் இருந்தது. நடுவில் ஒரு கதவு. அதைத் திறந்தவள் ஒரு பெண், மூன்று நாள் வெந்நீர் ஊற்றிக் கொடுத்தவள்.

கிளம்பும்போது ஜைனப் பின்கட்டுவரை வந்தாள்.

"தங்கச்சி, ஒண்ணு. பட்டியல் விசயமா இருக்கும்னு எனக்குப் புரியாம இல்ல. நீ சொல்லல, நானும் கேக்கல. ஆனா இங்கேருந்துதான் ஆச்சுன்னு ஒரு ஆளுக்குத் தெரிஞ்சாலும் நாளைக்கி எங்க வாசல்ல அம்பது பேரு நிப்பாங்க. அப்பறம் ஜப்பான்காரன் வந்து நிப்பான். என் பேரு வெளிய வரக் கூடாது."

"வராது அக்கா," என்றாள் சரோஜா.

வீட்டில் ராமையா முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "முன்னப்பின்ன தெரியாதவங்கள நம்பி நான் போகணுமா? பொந்துல நம்ம ஆளுங்க இருப்பாங்க."

"அதான் பயமா இருக்கு," என்றாள் அவள். "நம்ம ஆளுங்க எல்லாரும் இருப்பாங்க."

அவன் ஒரு நாள் முழுக்க யோசித்தான். செவ்வாய்க்கிழமை விடியும் முன்பே எழுந்து போனான்.

அவன் போன ஏழாம் நாள் ஒரு சூளை பிரித்தார்கள். உடைத்தால் மணி போல ஓசை வரும் கரி, நடுவரை ஒரே கருப்பு. பத்தாம் நாள் சிவப்பு முத்திரை போட்ட காகிதத்தோடு ராமையா லயத்துக்கு வந்து, அதைச் சிங்காரத்தின் மேசைமேல் வைத்தான். சிங்காரம் அதை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார். பேனாவை எடுத்துப் பட்டியலில் ஒரு கோடு போட்டார்.

சரோஜா வாசலில் நின்று அந்தக் கோட்டின் சத்தத்தைக் கேட்டாள். நாற்பது கேட்டவர்கள் முப்பத்தொன்பதோடு போகமாட்டார்கள் என்பது அவளுக்கு அப்போது தோன்றவில்லை. தோன்றியிருந்தால் என்ன செய்திருப்பாள் என்று பிறகு பலமுறை தன்னைக் கேட்டுக்கொண்டாள். பதில் ஒவ்வொரு முறையும் ஒன்றாகவே இருந்தது. அதுதான் அவளைத் தூங்கவிடவில்லை.

மறுநாள் காலைப் பெரட்டில் சிங்காரம் ஒரே ஒரு பெயரை வாசித்தார். கந்தன். மணியம்மாவின் கணவன்.

அன்று முழுவதும் இரண்டு நிரைகளுக்கும் நடுவில் பேச்சில்லை. மணியம்மாவின் விரல்கள் வழக்கத்தைவிட வேகமாகக் கிள்ளின. முற்றின இலையையும் சேர்த்துக் கிள்ளின. மாலையில் அவளே வந்தாள். வாசற்படியில் உட்கார்ந்தாள். உள்ளே வரவில்லை.

"நான் ஒன்னத் திட்ட வரல," என்றாள்.

"திட்டுடீ."

"திட்டினா அவரு பேரு போயிடுமா? எப்படிக் கெடச்சுதுன்னு சொல்லு. எந்த ஊரு, யாரு. நான் போயி காலுல வுழறேன்."

சரோஜா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "சூளையில இனி ஆள் எடுக்கமாட்டாங்க மணி. பேரு வாசிச்ச கையோட எங்க வீட்டுக்காரரு போயி தவுக்கேகிட்ட கேட்டுட்டாரு. ரெண்டு தடவ கேட்டாரு."

"சூளை இல்லாட்டி ஒனக்கு வழி காட்டினவங்க வேற எதாச்சும் காட்டுவாங்க. பேரச் சொல்லு."

ஜைனபின் முகம் சரோஜாவின் கண்முன் வந்தது. பின்கட்டு, புகை, தணிந்த குரல். இவளிடம் சொன்னால் இவள் கந்தனிடம் மட்டும் சொல்வாள். கந்தன் தன் தம்பியிடம் மட்டும். யாரும் துரோகம் செய்யமாட்டார்கள். அன்பினாலேயே சொல்வார்கள்.

"நீ என்கிட்ட கேக்காத," என்றாள். "எனக்குத் தெரிஞ்சது தீர்ந்துபோச்சு. ஒனக்குத் தெரிஞ்சவங்க யாரு, எனக்குத் தெரியாதவங்க? அதச் சொல்லு."

"எனக்கு யாரு இருக்கா? நீதான்."

"நான் வேணாம். ஒன்ன முகம் மட்டும் தெரிஞ்சவங்க. யோசி."

மணியம்மா கோபமாகச் சிரித்தாள். "என்கிட்ட ஆட்டுப் பாலு வாங்கற மலாய்க்காரி ஒருத்தி இருக்கா, ரிங்லெட்ல. ரொஹானா. எனக்கு அவ பாஷ பத்து வார்த்த தெரியும். அவளுக்கு என் பேரே தெரியாது. பால்காரின்னுதான் கூப்புடுவா. அவளா என் புருசனக் காப்பாத்துவா?"

"அவ வீட்டுல யாரு என்ன வேலை?"

"யாருக்குத் தெரியும்? அவ அண்ணன்காரன் தொப்பி போட்டுக்கிட்டு தாப்பா ரோட்டுல நிப்பான். மண்ணு சரிஞ்சா ஆளுங்கள வெச்சு அள்ளுவான்."

சொல்லிவிட்டு மணியம்மாவே நிறுத்தினாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அந்தச் சாலை அடைபட்டால் பட்டாளத்துக்கு ஒரு முட்டைக்கோசுகூடப் போகாது. கந்தன் தோட்டத்து வாய்க்கால்களுக்கெல்லாம் கல் கட்டுகிறவன். அவன் கட்டிய சுவர் எந்த மழைக்கும் நின்றது. லயத்தில் அதை யாரும் ஒரு பேச்சாகவே நினைப்பதில்லை.

"அழக்கூடாது," என்றாள் சரோஜா. "நான் அழுது ஒரு கதவ சாத்த வெச்சேன். பால எடுத்துக்கிட்டுப் போ. எப்பவும் போல பேசு. சரியற எடத்துல கல்லு கட்டத் தெரிஞ்ச ஆளு ஒங்கண்ணனுக்கு வேணுமான்னு மட்டும் கேளு. வேணாம்னா, வேற யாருக்கு வேணும்னு கேளு. அதோட வந்துடு. காப்பாத்துன்னு சொல்லாத."

"நீயும் வா. நீ நல்லாப் பேசுவ."

"அவளுக்கு என்னத் தெரியாதே. பால்காரியத்தான் தெரியும். நீ கேட்டாத்தான் அது கேள்வி. நான் வந்தா பயந்துக்குவா. நாளைக்கி ஒன் நிரைய நான் எடுக்கறேன். சிங்காரத்துக்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

"என்ன சொல்லுவ? வயித்தால போவுதுன்னா?" மணியம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பு வரவில்லை, வர முயன்றது மட்டும் தெரிந்தது.

மூன்று நாள் இருந்தது. அது போதுமா என்று சரோஜாவுக்குத் தெரியாது. ரொஹானா பதில் சொல்லுவாளா, அவளுடைய அண்ணனுக்குக் கல் கட்டுகிறவன் வேண்டுமா, தெரியாது. ஒரு கதவு திறந்ததனால் எல்லாக் கதவும் திறக்கும் என்று சொல்ல அவளுக்கு உரிமை இல்லை.

மணியம்மா எழுந்தாள். இரண்டடி நடந்தாள். திரும்பி வந்து நின்றாள்.

"சரி. நான் போறேன். நீ சொன்ன மாதிரியே கேக்கறேன். ஆனா போறதுக்கு முன்னாடி அந்தப் பேரச் சொல்லு. நான் அங்க போகமாட்டேன். என் புள்ள மேல சத்தியம். அவருகிட்டகூட சொல்லமாட்டேன். தெரிஞ்சு வெச்சுக்கறதுக்கு மட்டும்."

சரோஜா நிமிர்ந்து பார்த்தாள். பதினான்கு வருடம் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவள். கிடைக்காத உப்பில் ஒரு சிட்டிகை தந்தவள். எதையும் கேட்காமல் தன் நிரையை எடுத்துக்கொண்டவள். இப்போது அவள் கேட்பது வழியை அல்ல என்று சரோஜாவுக்குப் புரிந்தது. உனக்கும் எனக்கும் நடுவில் ஒளித்து வைத்த ஒன்று இருக்கக் கூடாது, அதைத்தான் கேட்கிறாள். அதைக் கொடுத்துவிட்டால் தன் நெஞ்சு எவ்வளவு லேசாகும் என்றும் தெரிந்தது. அந்த லேசுக்காகக் கொடுக்கிறேனா, இவளுக்காகக் கொடுக்கிறேனா என்று ஒரு கணம் தன்னை உரித்துப் பார்த்தாள்.

எட்டி மணியம்மாவின் கையைப் பிடித்தாள். தேயிலைக் கறை ஏறி வெடித்த விரல்கள், தன் விரல்களைப் போலவே.

"சொல்லமாட்டேன் மணி," என்றாள்.